மூன்று மாடு, மூன்று லாட்

நாத்தனார் தன் சினை மாட்டை விற்கப் போகிறாள் என்பது, நான் ஆபீசின் பின்னறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. முன்னறையில் அவள் குரல் கேட்டது. கம்ப்யூட்டர் பார்க்கும் மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“மூணு மாடு வெச்சிருக்கேன் மேடம். மூணு லாட் போட்டுடுங்க.”

“மாட்டுக்கு ஒரு லாட்டா?”

“ஆமா. நாளைக்கி ஒண்ண குடுத்துடறேன். பணம் பேங்க்ல வந்துடும்.”

“ஒண்ண வித்துட்டா அப்பால ரெண்டு மாடுதானேம்மா. ரெண்டு லாட் போதுமே” என்றார் மேடம். இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டீ வடிகட்டியைத் தாண்டி என் கைமேல் வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூடக் கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

அது ஷேர் ஆபீஸ். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் ஒரு பெரிய புரோக்கர் கம்பெனிக்கு இது இங்கே கிளை மாதிரி. சார் ஒருவர், கம்ப்யூட்டர் பார்க்கும் மேடம் ஒருவர், கூட்டிப் பெருக்கி டீ போட நான். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறேன். அந்த ஒன்பது வருஷத்தில் வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. சாரிடம் “டீ சார்”, “பால் தீர்ந்துடுச்சி சார்” தவிர வேறு என்ன பேசினேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஆனால் காது இருக்கிறது. ஏறுது, எறங்குது, விக்கலாமா, வெச்சிக்கலாமா என்று காலை முதல் சாயந்தரம் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

அப்படித்தான் அந்தப் பால் கம்பெனியின் பேரும் காதில் விழுந்தது. எங்கள் ஜில்லா முழுவதும் ஊருக்கு ஊர் சென்டர் வைத்துப் பால் எடுக்கிற கம்பெனி அது. அதன் ஷேரை முதல் தடவையாகப் பொது ஜனங்களுக்கு விற்கப் போகிறார்கள் என்று சார் யாரிடமோ போனில் சொன்னார். அடி அண்ணாமலை கிராமத்தில் இருக்கும் என் நாத்தனார் பல வருஷமாக அந்தக் கம்பெனிக்குத்தான் பால் ஊற்றுகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, பேச ஒன்றும் இல்லாமல் இதைச் சொல்லிவைத்தேன். நான் வாயைத் திறந்தது அவ்வளவுதான்.

பத்து நாளில் அவள் ஆபீசுக்கு வந்து நின்றாள். ஆதார், பான் கார்டு, பேங்க் பாஸ்புக் எல்லாம் ஒரு மஞ்சள் பையில். மேடம் அவளுக்கு ஒரு டீமேட் கணக்கு ஆரம்பித்துக்கொடுத்தார். ஷேர் இந்தக் காலத்தில் காகிதமாக வராது, அந்தக் கணக்கில்தான் வந்து சேரும். அவள் வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. அவரிடம் சொன்னாயா என்று கேட்டேன். “வந்ததும் சொல்லிக்கலாம் அண்ணி” என்றாள். நான் மேலே கேட்கவில்லை. அன்றே கேட்டிருக்க வேண்டும்.

ஷேர் விற்பனை மூன்று நாள் திறந்திருக்கும். இரண்டாம் நாள்தான் அவள் இந்த மாட்டுக் கதையைச் சொன்னாள். மேடம் மூன்று லாட்டுக்கும் பதிவு செய்தார். லாட் என்பது சேர்த்தே விற்கிற ஒரு கட்டு ஷேர், ஒன்று பதினாலாயிரத்துச் சொச்சம். கொஞ்ச நேரத்தில் நாத்தனாரின் போனில், ‘இவ்வளவு பணத்தை உங்கள் கணக்கில் பிடித்துவைக்கலாமா’ என்று கேட்டு ஒரு செய்தி வந்தது.

“இதுக்கு நாளைக்கி சாயந்தரம் அஞ்சு மணிக்குள்ள சம்மதம் குடுத்துடணும்மா” என்றார் மேடம். “அஞ்சு தாண்டிட்டா அப்ளிகேஷன் செல்லாது. சம்மதம் குடுக்கறப்போ கணக்குல அவ்ளோ பணம் இருக்கணும்.”

“நாளைக்கி மூணு மணிக்கி மாட்ட ஓட்டிக்கினு போறாங்க. ஏத்தின ஒடனே பணம் போட்டுடறேன்னு தரகரு சொல்லியிருக்காரு. சரியா இருக்கும்.”

படியில் இறங்கும்போது அவள் பின்னாலேயே போனேன். எந்த மாடு என்று கேட்டேன். நெற்றியில் வெள்ளை இருக்கிற மாடு என்றாள். இரண்டாம் ஈத்துக்கு எட்டு மாசச் சினை. ஈன்றால் அவள் வீட்டில் நன்றாகக் கறக்கிற மாடு அதுதான். மற்ற இரண்டில் ஒன்று வற்றிக்கொண்டிருக்கிறது, இன்னொன்று கிழடு.

“அத போய் ஏன் குடுக்கற?”

“அதுக்குத்தான் அண்ணி வெல வரும். கெழட்ட யாரு வாங்குவா?” என்றாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். “சென்டர்காரரு லிஸ்ட் எடுக்கறாரு. யார் யார் ஷேர் வாங்குறாங்கன்னு. வாங்காதவங்க பாலு நாளைக்கி எடுப்பாங்களோ மாட்டாங்களோ. சொசைட்டில எப்படி? ஷேர் பணம் கட்டி மெம்பரானவங்க பாலுதானே எடுத்தாங்க? அந்த மாதிரிதான் இதுவும். கட்டிட்டா நிம்மதி. தீபாவளிக்கி லிட்டர் கணக்குல போனஸ் வரும். வேணான்னு வெலகினா கட்டின பணம் திரும்ப வந்துடும். எங்க போவுது?”

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பால் சொசைட்டியில் அப்படித்தான். ஒரு சின்னத் தொகையைப் பங்குப் பணமாகக் கட்டி உறுப்பினராக வேண்டும். ஆளுக்கு ஒரு பாஸ்புக். நூறு லிட்டர் ஊற்றுகிறவருக்கும் ஐந்து லிட்டர் ஊற்றுகிறவருக்கும் ஒரே ஓட்டு. வருஷ முடிவில் போனஸ். விலகினால் கட்டியதைத் திருப்பித் தருவார்கள். பால் ஊற்றுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அதே கணக்கைத்தான் இவள் இந்தக் கம்பெனிக்கும் போட்டுவிட்டாள். மாட்டுக்கு ஒரு பங்கு வாங்கிவிட்டால், மூன்று மாட்டுப் பாலுக்கும் இடம் உண்டு.

ஆபீசில் ஒன்பது வருஷம் கேட்டது அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் எப்படி இல்லை என்று சொல்லத் தெரியவில்லை. அந்தப் படியில் நின்று, “அது வேற மாதிரி போல” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

மறுநாள் காலை சார் வருவதற்கு முன்பே ஆபீசைப் பெருக்கித் துடைத்து முடித்துவிட்டேன். பிறகு மறுபடியும் துடைத்தேன். இன்று மூன்று மணி, இன்று ஐந்து மணி என்று மனம் அடித்துக்கொண்டது. நான் சொன்னதால்தானே அவள் வந்தாள். மாடு போய்ப் பாலும் போனால், என் வீட்டுக்காரரின் தங்கை என் முகத்தில் விழிப்பாளா? ஒரு வேளை நான் தப்பாக நினைத்து, அவள் வாங்காமல் விட்டு, சென்டரில் நிஜமாகவே பாலைத் திருப்பி அனுப்பிவிட்டால்? அதுவும் என் தலையில்தான் விடியும்.

சார் வந்தார். டீ வைத்தேன். வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

“இன்னா ஆயாம்மா, சக்கரை இல்லையா?”

“இல்ல சார். ஒண்ணு கேக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். மேடமும் திரும்பிப் பார்த்தார். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு சொல்லி முடித்தேன். நேற்று மூணு லாட் போட்ட அம்மா என் நாத்தனார், அவள் மாட்டை விற்கிறாள், ஷேர் வாங்கினால்தான் பால் எடுப்பார்கள் என்று நினைக்கிறாள்.

“உங்க நாத்தனாரா? சொல்லவே இல்லையே” என்றார் மேடம். அவர் முகம் மாறிவிட்டது. “நான் வேற மாட்டுக்கு ஒரு லாட்டான்னு தமாஷ் பண்ணிட்டேன்.”

சார் எதிர் நாற்காலியைக் காட்டினார். “உக்காருங்க.”

“பரவால்ல சார்.”

“உக்காந்தாதான் சொல்லுவேன்.”

நுனியில் உட்கார்ந்தேன். அவர் நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

“கம்பெனி ஏன் ஜனங்ககிட்ட வருது தெரியுமா? பால் பவுடர் ஃபேக்டரி கட்டணும், சென்டருக்கெல்லாம் குளிர் மிஷின் வெக்கணும், பழைய கடன அடைக்கணும். பேங்க்ல வாங்கினா வட்டி கட்டணும், அசலத் திருப்பணும். ஷேர் வித்தா ரெண்டும் வேணாம். அதுக்குப் பதிலா கம்பெனில ஒரு துண்டு சொந்தத்தக் குடுத்துடறாங்க. அது ஒரு பாதி.”

“இன்னொரு பாதி சார்?”

“மும்பைல ஒரு பெரிய முதலீட்டு ஃபண்ட்காரங்க முன்னாடியே இதுல பணம் போட்டு ஷேர் வெச்சிருக்காங்க. அவங்க இப்ப அவங்க பங்குல கொஞ்சத்த வித்துக் காசாக்கிக்கறாங்க. இந்த விற்பனைல பாதி அவங்களோடது. அந்தப் பணம் கம்பெனிக்கிப் போவாது, நேரா அவங்களுக்குத்தான். உங்க நாத்தனார் குடுக்குற ரூபா எல்லாம் பவுடர் ஃபேக்டரிக்கின்னு நெனச்சிக்கினு இருப்பாங்க.”

“அவ அதுகூட நெனைக்கல சார். பாலுக்கு இடம்னு நெனைக்கறா.”

“அதான் இல்ல. ஷேர் வாங்குனா கம்பெனில சின்னதா ஒரு பங்கு அவங்களது. எத்தன ஷேரோ அத்தன ஓட்டு. லாபம் வந்து, குடுக்கலாம்னு முடிவு பண்ணா அதுல ஒரு பங்கு டிவிடெண்ட்னு வரும். குடுக்கலன்னா குடுத்தே ஆகணும்னு கேக்க முடியாது. போட்ட பணத்தத் திருப்பிக் குடுன்னு கம்பெனிகிட்டப் போயி நிக்க முடியாது. வேணான்னா மார்க்கெட்ல வேற ஒருத்தருக்கு விக்கணும். அன்னிக்கி வெல ஜாஸ்தியும் இருக்கலாம், கம்மியும் இருக்கலாம். பால் ஊத்துறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது.”

“இன்னொண்ணும் இருக்கு ஆயாம்மா” என்றார் மேடம். “கேக்குறவங்க ரொம்ப ஜாஸ்தி. இந்த மாதிரி சின்ன ஆளுங்க பிரிவுல குலுக்கல்தான். மூணு கேட்டா ஒண்ணு கெடைக்கலாம், ஒண்ணுமே கெடைக்காமலும் போகலாம். கெடைக்கலன்னா பிடிச்சிவெச்ச பணத்த விட்டுடுவாங்க, அது போவாது. ஆனா மாடு போயிடும்.”

“அப்ப வாங்க வேணான்னு சொல்லட்டுமா சார்?”

அவர் டீயைக் குடித்தார். “வாங்குங்கன்னும் நான் சொல்ல மாட்டேன், வேணான்னும் சொல்ல மாட்டேன். நல்ல கம்பெனியாக்கூட இருக்கலாம். சும்மா கெடக்குற காசா இருந்தா போடட்டும். மாட்ட வித்துப் போடற எடம் இல்ல இது. ஆனா நீங்க போயி சொன்னா கேப்பாங்களா?”

கேட்க மாட்டாள். எனக்கே தெரியும். அவளுக்கு வாய் அதிகம், எனக்குக் கம்மி. இருபத்தைந்து வருஷத்தில் நான் ஒன்று சொல்லி அவள் கேட்டதாக ஒரு சம்பவம் இல்லை.

அப்போதுதான் பேப்பர் நினைவுக்கு வந்தது. போன வாரம் தமிழ்ப் பேப்பரில் அந்தக் கம்பெனி ஒரு முழுப் பக்கத்துக்கு விளம்பரம் கொடுத்திருந்தது. பொடி எழுத்து. பழைய பேப்பர் எல்லாம் பின்னறையில்தான் கட்டி வைப்பேன், கண்ணாடி துடைக்க உதவும். கட்டைப் பிரித்தேன். நல்ல வேளை, அந்தப் பக்கம் கிழியாமல் இருந்தது. ஜன்னல் ஓரம் தரையில் விரித்து, எழுத்தின் மேல் விரலை ஓட்டிப் படித்தேன். ஷேர் விலை, தேதி, எத்தனை புதுசு, எத்தனை பழையவர்கள் விற்பது, எல்லாம் சார் சொன்னபடிதான் இருந்தது. அதற்குக் கீழே, வாங்குகிறவர்களுக்கு என்னென்ன ஆபத்து என்று கம்பெனியே வரிசையாக எழுதியிருந்தது. ஒரு கம்பெனி தன் பயத்தைத் தானே பேப்பரில் எழுதி, காசும் கொடுத்துப் போடுமா என்று எனக்கு ஆச்சரியம். சாரிடம் கேட்டேன். “போட்டே ஆகணும், அதான் சட்டம்” என்றார்.

அந்த வரிசையில் மூன்றாவதிலோ நான்காவதிலோ என் விரல் நின்றது. நான்கு தடவை படித்தேன். பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, “சார், மத்தியானம் லீவு” என்றேன். அதையும் அதற்கு முன் கேட்டதில்லை.

ஷேர் ஆட்டோ செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் போய் மாட்டிக்கொண்டது. ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் ரோட்டை நிதானமாகக் கடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் ஒவ்வொரு ஆளுக்கும் நிறுத்தினார். மணி கேட்டேன், இரண்டே கால். மறுபடியும் கேட்டேன், இரண்டு இருபது. பக்கத்தில் இருந்த பெண், “இன்னாம்மா, ஆஸ்பத்திரி கேஸா?” என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். மாடு என்று சொன்னால் சிரிப்பாள்.

அடி அண்ணாமலையில் இறங்கி நடந்தேன். நாத்தனார் வீட்டு வாசலில் டெம்போ நின்றது. மாட்டுத் தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். வெள்ளை நெற்றி மாடு இன்னும் கட்டுத்தறியில்தான் இருந்தது. நாத்தனார் பழைய கயிற்றை அவிழ்த்துப் புதுக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள். விற்கிற மாட்டைப் பழைய கயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். அதை வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம்.

“வாங்க அண்ணி. வழியனுப்ப வந்தீங்களா?”

“ஒரு நிமிஷம். கயித்த அவுக்காத.”

“ஏன்?”

“சென்டர்காரர ஒரு வார்த்த கேட்டுட்டு அப்பால குடு.”

“இன்னாத்த கேக்கறது? அஞ்சு மணிக்குள்ள பணம் போவணும், தெரியுமில்ல? நீங்க இருக்கற ஆபீஸ்தானே?”

“அந்த ஆபீஸ்ல கேட்டுட்டுத்தான் வரேன். ஷேர் வாங்கினாலும் வாங்காட்டியும் பால் எடுப்பாங்களாம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லியாம். திருப்பியும் தர மாட்டாங்களாம்.”

அவள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு இடுப்பில் கையூன்றினாள். “அந்த ஆபீஸ்ல பெருக்கறீங்களா, பாடம் நடத்தறீங்களா அண்ணி? முன்னாடி சொன்னதும் நீங்கதான். இப்ப வாணாங்கறதும் நீங்கதான். ஊரே வாங்குது. நான் வாங்கிட்டா உங்களுக்கு இன்னாத்துக்கு எரியுது?”

தரகர் எங்கேயோ பார்ப்பது மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. ஆனால் வாய் பேசாதபோது கை வேலை செய்யும் என்று நினைத்து, பேப்பரை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன். அவள் எட்டாவது படித்தவள்.

“நான் சொன்னா கேக்க வேணாம். கம்பெனிக்காரன் எழுதினத நீயே படி. இந்த வரி.”

அவள் வேண்டா வெறுப்பாக வாங்கினாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி வாய்விட்டுப் படித்தாள்.

“எங்களுக்குப் பால் வழங்கும் விவசாயிகளுடன் எழுத்துப்பூர்வமான நீண்டகால ஒப்பந்தம் எதுவும் எங்களுக்கு இல்லை. அவர்கள் தங்கள் பாலை வேறு நிறுவனங்களுக்கோ கூட்டுறவுச் சங்கங்களுக்கோ வழங்குவதற்குத் தடை இல்லை. பால் வரத்து குறைந்தால் எங்கள் தொழிலும் வருமானமும் பாதிக்கப்படலாம்.”

படித்து முடித்து, மறுபடியும் மேலிருந்து படித்தாள். இந்தத் தடவை சத்தமில்லாமல்.

“இதுக்கு இன்னா அர்த்தம் அண்ணி?”

“நீ பால நிறுத்திடுவியோன்னு அவங்களுக்குப் பயமாம்.”

“எனக்கா பயப்படறாங்க? கம்பெனியா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

தரகர் முன்னால் வந்தார். “அம்மா, மணி மூணே கால். இத ஏத்திட்டு நான் தண்டராம்பட்டு போவணும். ஐயாயிரம் அச்சாரம் குடுத்திருக்கேன். பேப்பர் படிக்கவா வந்தேன்?”

“ஒரு அர மணி நேரம் அண்ணே” என்றாள் அவள்.

சென்டர் அதே தெருக்கோடியில் இருந்தது. சென்டர்காரர் கேன்களை வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். சாயந்தரப் பால் ஐந்து மணிக்கு ஆரம்பிக்கும். நாத்தனார் பேப்பரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நேராகவே கேட்டாள்.

“ஏம்பா, ஷேர் வாங்கலன்னா பால் எடுக்க மாட்டியா?”

“யாரு சொன்னது?”

“நீதானே லிஸ்ட் எடுத்த?”

“இன்னாக்கா நீ. எத்தன பேர் கேக்கறாங்கன்னு ஒரு கணக்குக்கு எழுதினேன். எல்லாரும் வந்து எங்கிட்ட ஷேர் பணம் கட்டலாமான்னு கேக்கறாங்க. நான் வாங்க முடியாது, பேங்க்ல கேளுங்கன்னு சொன்னேன். எனக்கே ஒண்ணும் சரியாத் தெரியல. சொசைட்டி மாதிரி இருக்கும்னு நெனச்சேன்.”

“நெனச்சியா? நீ நெனச்சத நம்பி நான் மாட்ட விக்கறேன்.”

“மாட்டையா? எந்த மாட்ட?”

“நெத்தி வெள்ளைய.”

அவர் கையில் இருந்த கேனைக் கீழே வைத்துவிட்டார். “அய்ய, அத ஏன் விக்கற? அது கறந்தாதான் நம்ம சென்டர் பால்ல கொழுப்பே நிக்குது. இந்த மாசம் வரத்து ஏற்கெனவே கம்மின்னு ஆபீஸ்ல கத்தறாங்க. ஏற்கெனவே ரெண்டு வீடு வேற கம்பெனிக்கி மாறிட்டாங்க.”

நாத்தனார் சுருட்டிய பேப்பரால் தன் உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு அவளுக்கே உரிய குரலில் கேட்டாள். “அப்ப நாளைல இருந்து நானும் மாறிடட்டுமா?”

“அக்கா, அப்படிச் சொல்லாதக்கா. இன்னா பிரச்சன சொல்லு. பட்டுவாடா லேட்டாவுதா? நான் பேசறேன்.”

அவள் என் பக்கம் திரும்பினாள். வெயிலில் அவள் முகம் வேர்த்திருந்தது. பேப்பரை மறுபடி பிரித்து, அந்த வரியை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மடித்தாள்.

அதோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். முடியவில்லை. வீட்டுக்கு வந்து தரகரிடம் மாடு கொடுக்கவில்லை என்றதும் அவர் குதித்தார். டெம்போ வாடகை யார் தருவது, ஆள் கூலி யார் தருவது என்றார். விற்கிறவர் பின்வாங்கினால் அச்சாரத்துக்கு மேல் கொஞ்சம் சேர்த்துத் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அவளிடம் அச்சாரப் பணத்திலேயே ஒரு நோட்டு குறைந்திருந்தது, தவிடு வாங்கியிருந்தாள். நான் என் பர்சைத் திறந்தேன். ஆட்டோவுக்குத் திரும்பிப் போக வைத்திருந்ததைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்தேன். டெம்போ காலியாகப் புறப்பட்டபோது மாடு ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைக்கோலுக்குப் போய்விட்டது.

நான்கரைக்கு அவள் கறக்க உட்கார்ந்தாள். வற்றிக்கொண்டிருந்த மாடும் கிழ மாடும் சேர்ந்து நாலு லிட்டர் தேறியது. வெள்ளை நெற்றி சினை என்பதால் கறவை இல்லை. அந்த நாலு லிட்டரைத் தூக்கிக்கொண்டு சென்டருக்குப் போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர். அவள் போனைக் கையில் வைத்திருந்தாள். சம்மதம் கேட்கும் செய்தி அதில் அப்படியே இருந்தது. கணக்கில் அவ்வளவு பணம் கிடையாது, சம்மதம் கொடுத்தாலும் நடக்காது. ஆனாலும் அவள் திரையை அணைக்கவில்லை, அணைந்தால் மறுபடி தொட்டுப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நாலு ஐம்பத்தைந்து. நாலு ஐம்பத்தெட்டு. இந்த ஷேர் மட்டும் நாளைக்கு இரண்டு மடங்கு ஆகிவிட்டால் என்று ஒரு பயம் புதிதாக வந்து உட்கார்ந்தது.

ஐந்து மணி ஆனது. எங்கும் மணி அடிக்கவில்லை. சென்டர்காரர் மூடியைத் திறந்து, “வாக்கா” என்றார். பாலை ஊற்றினாள். கொழுப்பு பார்க்கும் மிஷினில் சின்னக் கிண்ணத்தை வைத்தார். வழக்கம்போலச் சீட்டு வந்தது. அவள் அதைப் பார்க்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூன்று வேலை நாள் கழித்து அந்த ஷேர் மார்க்கெட்டுக்கு வந்தது. காலையிலிருந்து நான் பின்னறைக்கும் முன்னறைக்கும் நடந்தபடி இருந்தேன். பத்து மணிக்கு மேடம், “கம்பெனி வித்த வெலைய விட ஜாஸ்தியாத்தான் ஆரம்பிச்சிருக்கு” என்றார். சிறிது நேரத்தில் நாத்தனாரின் போன் வந்தது.

“இன்னா அண்ணி வெல?”

சொன்னேன்.

“எனக்குக் கெடச்சிருந்தா?”

“கெடச்சிருந்தா லாபம்தான். கெடச்சிருக்குமான்னு தெரியாது. குலுக்கல். அக்கம்பக்கத்துல போட்டவங்க நெறைய பேருக்குக் கெடைக்கலன்னு சார் சொன்னாரு.”

“கெடச்சிருந்தா?” என்றாள் மறுபடியும். நான் திரையை எட்டிப் பார்ப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் பேசவில்லை. நான்தான் தினமும் பெருக்குவதற்கு முன்னால் மேடத்தின் திரையை எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் ஏறியது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் ஷேர் இறங்கியது, விற்ற விலைக்கும் கீழே போனது, பிறகு கொஞ்சம் ஏறியது. இறங்கிய நாளில் நிம்மதியாக மூச்சு விட்டேன், அப்படி விட்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. ஊரில் எத்தனையோ பேர் தங்கள் சொந்தக் காசைப் போட்டு அதை வைத்திருப்பார்களே.

ஒரு நாள் காலை ஷேர் ஆட்டோ டிரைவர் மாடிப்படி ஏறி வந்து ஒரு தூக்குவாளியைக் கொடுத்தார். அடி அண்ணாமலையிலிருந்து கொடுத்தனுப்பினார்கள் என்றார். மூடியைத் திறந்தேன். சீம்பால், ஏலக்காய் தட்டிப் போட்டு வெல்லத்தோடு காய்ச்சிக் கட்டியாக்கியிருந்தாள். வெள்ளை நெற்றி ஈன்றிருந்தது. கன்று கிடாரியா காளையா என்றுகூட அவள் சொல்லி அனுப்பவில்லை.

மூன்று தட்டில் போட்டு எடுத்துப் போனேன். சார் ஒரு வாய் தின்றுவிட்டு, “இதான் உங்க டிவிடெண்டா ஆயாம்மா?” என்றார். மேடம் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மத்தியானம் போன் வந்தது. கன்றைப் பற்றித்தான் பேசப் போகிறாள் என்று ஆவலாக எடுத்தேன்.

“இன்னிக்கி இன்னா வெல அண்ணி?” என்றாள்.